அறை தேடும் பதிவில் எழுதாமல் விட்டவை

அக்கா மகள் மேல்படிப்புக்காக ஜெர்மனிக்குப் போன வருஷம், நான் மலையில் ஏலக்காய்த் தோட்ட வேலையை விட்டுவிட்டு சின்னமனூரில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். தங்கியிருந்தேன் என்றால், மாடியில் வாழைத்தார் கட்டும் கயிற்றுச் சுருள்களுக்குப் பக்கத்தில் ஒரு பாய். அடுத்து எங்கே போவது என்று நான் முடிவு செய்யவில்லை. அதற்குள் அவளுக்கு அறை தேடும் வேலை வீட்டுக்குள் வந்துவிட்டது. எனக்கும் அது வேடிக்கையாக இருந்ததால் கிளம்பவில்லை.

விஷயம் இதுதான். அவள் போனவுடன் தங்கியது ஒரு இடைக்கால அறை. அந்த அறைக்குச் சொந்தமான மாணவி பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போயிருந்தாள். மாசக் கடைசியில் திரும்பி வருகிறாள். அதற்குள் இவள் வேறு இடம் பார்த்தாக வேண்டும். மாணவர் விடுதிக்கு எழுதிப் போட்டிருந்தாள், ஆனால் வரிசை மிகப் பெரிது. அந்த ஊரில் தனி வீடு எடுக்க வசதி போதாது. நாலைந்து பேர் ஒரு வீட்டை எடுத்து ஆளுக்கொரு அறையில் இருந்துகொண்டு, சமையலறையையும் குளியலறையையும் பொதுவாக வைத்துக்கொள்வார்களாம். அப்படி ஒரு வீட்டில் ஓர் அறை கிடைக்க வேண்டும். அதற்கு அங்கே படிக்கும் பிள்ளைகளின் குழுக்களில், "எனக்கு அறை வேண்டும், நான் இன்ன மாதிரி ஆள்" என்று ஒரு பதிவு போட வேண்டும்.

"நான் இன்ன மாதிரி ஆள்" என்ற அந்தப் பகுதிதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர்களின் அறை, எர்ணாகுளத்தில் கட்டட வேலைக்காரர்களின் கொட்டகை, வளைகுடாவில் இரும்புக் கட்டில் அடுக்கிய கூடம் என்று முன்பின் தெரியாதவர்களோடு படுத்துத்தான் பாதி ஆயுசு போனது. எந்த இடத்திலும் என்னிடம் ஒருத்தரும் நீ எப்போது தூங்குவாய், குறட்டை விடுவாயா என்று கேட்டதில்லை. பெட்டியை வைக்க இடம் காட்டுவார்கள். பழக்கவழக்கமெல்லாம் அப்புறம் சண்டையில்தான் தெரியவரும். இவர்கள் அந்தச் சண்டையை முன்கூட்டியே எழுதிக் காட்டுகிறார்கள் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீடியோவில் கூப்பிட்டாள். அவளுக்கு மதியம், எங்களுக்குச் சாயங்காலம். அக்கா, மச்சான், நான் மூவரும் ஒரு போனுக்குள் தலையை நுழைத்துக்கொண்டோம். தான் எழுதி வைத்திருந்த பதிவை அவள் படித்தாள். இங்கிலீஷில் எழுதியதை எங்களுக்காகத் தமிழில் சொன்னாள். மேல்படிப்பு மாணவி. அடுத்த மாதம் முதல் அறை வேண்டும். பெண்கள் இருக்கும் வீடு. வீட்டைச் சூடாக்கும் செலவு, தண்ணீர், மின்சாரம் எல்லாம் சேர்த்து மாதம் நானூறு யூரோவுக்குள். புகை பிடிப்பதில்லை. வாரத்தில் பல நாள் சமைப்பேன், மசாலா வாசனை வரும், கறி, மீன் சாப்பிடுவேன், அடுப்பை உடனே துடைத்துவிடுவேன்.

"ஏன்டி, கறி, மீனெல்லாம் எதுக்கு எழுதுற?" என்றாள் அக்கா. "சைவம்னு போடு. நல்ல குடும்பத்துப் புள்ளைன்னு நெனைப்பாக."

"கருவாட்டுப் பொட்டலத்தப் பெட்டிக்குள்ள வச்சு அனுப்புனதே நீதான். நான் சைவம்னு எழுதுறதா?"

"கருவாட்ட அங்கன யாரு பாக்கப் போறா?"

"பாக்க வேணாம்மா. மோந்தாலே போதும், மறுநாளே வெளிய போன்னு சொல்லிருவாங்க."

நான் சிரித்துவிட்டேன். அக்கா என்னைப் பார்த்து, "ஏலே, ஒன்னயக் கேட்டா தெரியும். நாலு எடத்துல கெடந்தவன்ல, சொல்லு" என்றாள். நானும் தெரிந்ததைச் சொன்னேன். ஒரே அறையில் சண்டை வருவது பெரிய விஷயத்தில் இல்லை, ஜன்னலைத் திறப்பதிலும் ஈரத்துண்டை எங்கே போடுவது என்பதிலும்தான் வரும் என்றேன். அவள், "ஜன்னல எழுதணும் மாமா, நல்லவேள. இங்க ஜன்னல் ஒரு பெரிய கத" என்று குறித்துக்கொண்டாள். குளிரிலும் தினம் ஜன்னலைத் திறந்து காற்று மாற்றச் சொல்வார்களாம், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்குமாம். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினால் அதற்கும் ஒரு வழக்கா?

மச்சான் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தார். அவர் வாழை வியாபாரி. தோட்டங்களில் தார்களைப் பேசி வாங்கி கேரளாவுக்கு லோடு ஏற்றுகிறவர்.

"ஆத்தா, எல்லாம் சரி. நீ யாரு மகள்னு இதுல இல்லையே. ஊரு இல்ல, போன் நம்பர் இல்ல, ஒரு போட்டோ கூட இல்ல. இதப் பாத்துட்டு எவன் கூப்புடுவான்?"

"கூப்புடக் கூடாதுன்னுதாம்ப்பா போடல. குழுவுக்குள்ளயே மெசேஜ் பண்ணட்டும். யாருன்னு பாத்துட்டு நான் பேசுவேன்."

"இதென்ன மொட்டக் கடுதாசி மாதிரி" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. எங்கள் பக்கத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது யார் மகன் என்பதுதான். அதற்கு நேரான பதில் வராவிட்டால் வீடு கிடையாது. வியாபாரமும் அப்படித்தான். வாழைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தோட்டம் எங்கே இருக்கிறது, எத்தனை தார், பாதை எப்படி, யார் நம்பர் என்று போட்டால் டீ ஆறுவதற்குள் போன் வந்துவிடும். விவரம் கூடக் கூட மரியாதையும் கூடும் என்று நம்பி வாழ்ந்த மனிதர் அவர்.

அதனால் அவர் ஒரு காரியம் செய்தார். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் பெரிய குழு ஒன்றை ஃபேஸ்புக்கில் வைத்திருந்தார்கள். அதில் மகளின் படத்தோடு ஒரு பதிவு போட்டார். அவளுடைய பெயர், படிக்கும் இடம், இப்போது இருக்கும் தெரு, கட்டட எண், அவள் நம்பர், தன் நம்பர். தனியாக இருக்கிறாள், மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும், ரொம்ப அவசரம், நம் ஊர் சொந்தங்கள் உதவுங்கள். அதை அவருக்காகத் தட்டச்சு செய்து கொடுத்தது நான்தான். எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

மறுநாளே ஒருவர் மச்சானைக் கூப்பிட்டார். வெளிநாட்டு நம்பர். மச்சான் ஒலிபெருக்கியில் போட்டார்.

"அண்ணே, நானும் நம்ம பக்கந்தாண்ணே, தேவாரம். தங்கச்சி போஸ்ட்டப் பாத்தேன். மனசு கேக்கல."

மச்சானின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஆள் சொன்னது: அந்த ஊரிலேயே தனக்குத் தெரிந்த ஒருவரின் வீட்டில் அறை காலி. வாடகை நானூறுக்கும் கீழே. வீட்டுக்காரர் லண்டனில் இருக்கிறார். ஒப்பந்தம் போடுவதற்குப் பாஸ்போர்ட் நகலை அனுப்பி, இரண்டு மாத முன்பணத்தையும் போட்டுவிட்டால் சாவி கூரியரில் வந்துவிடும்.

நான் உலகம் சுற்றியவன் அல்லவா, எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சோதித்துப் பார்ப்போம் என்று போனை வாங்கினேன்.

"தேவாரத்துல எங்கன?"

"பஸ் ஸ்டாண்டுல எறங்கி மலையப் பாத்து நடந்தா எங்க வீடுதாண்ணே. ஏண்ணே, சாக்கலூத்து மெட்டுக்கு ரோடு போட்டாகளா, இன்னும் இந்தா அந்தான்னுதான் சொல்லிக்கிட்டிருக்காகளா?"

அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். தேவாரத்திலிருந்து நேராகக் கேரள எல்லை மலைக்கு ஏற ஒரு சாலை வேண்டும் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் காலம் காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சலிப்போடு விசாரிக்கிறவன் உள்ளூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். "நம்ம ஆளுதான் மச்சான்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன். படிப்புக் கடனுக்காக எடுத்த பாஸ்போர்ட் நகல் மச்சானின் போனிலேயே இருந்தது. அவர் அதைத் தேட ஆரம்பித்தார். கண்ணாடி கைக்குக் கிடைக்காததால் கொஞ்சம் தாமதமானது. அதற்குள் மகளைக் கூப்பிட்டு அக்கா சந்தோஷமாகச் சொல்லிவிட்டாள்.

மகள் சந்தோஷப்படவில்லை.

"என் போட்டோ, நம்பரெல்லாம் போட்டு வச்சிருக்கீங்களா? அதான் காலையிலருந்து தெரியாத ஆளுங்களா மெசேஜ் பண்றாங்களா? ஹாய்ங்கிறாங்க, காபி சாப்பிடலாமாங்கிறாங்க." குரல் உடைந்திருந்தது. "அப்பா, பாஸ்போர்ட்ட அனுப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லத்தா. அந்தத் தம்பி நம்ம தேவாரம். ஒங்க மாமாவே கேட்டுப் பாத்துட்டாரு."

"தேவாரம் தெரியும்னா தேவாரத்துல வீடு இருக்கும்ப்பா. இங்க இருக்கான்னு காட்டச் சொல்லுங்க."

அவள் தொடர்ந்தாள். அறையை நேரில் பார்க்காமல், ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்துப் போடாமல் இங்கே யாரும் பணம் போடக் கூடாது. சாவி கூரியரில் வரும் என்கிறவன் அநேகமாக ஏமாற்றுக்காரன் என்று கல்லூரியில் சொல்லியே அனுப்பியிருந்தார்கள். இன்னொன்றும் இருக்கிறது. குடிபோன கொஞ்ச நாளுக்குள் நகர அலுவலகத்தில் விலாசத்தைப் பதிய வேண்டும், அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். "அந்தக் கையெழுத்துத் தருவாரான்னு கேளுங்க. அட்ரஸையும் கேளுங்க, என் கூடப் படிக்கிற பொண்ணு இருக்கா. இன்னைக்கே போயி வெளிய நின்னாச்சும் பாக்கட்டுமான்னு கேளுங்க."

மச்சான் கேட்டார். அந்த ஆள் மழுப்பினார். வீட்டில் இப்போது ஆள் இல்லை, தொந்தரவு செய்யக் கூடாது என்றார். பிறகு குரல் மாறியது.

"அண்ணே, உங்களுக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன். இன்னொரு பொண்ணு பணத்தோட ரெடியா இருக்கு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள போட்டாத்தான் உண்டு. தங்கச்சிக்கு மாசக் கடைசி நெருங்குதுல்ல?"

மச்சான் போனை வைத்துவிட்டார்.

"மாப்ள, தோட்டத்துல தார் பழுக்க ஆரம்பிச்சிருச்சுன்னு எவனாவது ஏவாரிகிட்டச் சொல்லுவானா?"

"சொல்ல மாட்டான்."

"சொன்னா என்னா செய்வேன்? 'இன்னைக்கே வெட்டுறியா, இல்ல அடுத்த தோட்டத்துக்குப் போகவா'ன்னு வண்டியில ஒரு கால வச்சுக்கிட்டுப் பேசுவேன். இத்தன வருசமா நான் பண்ற வேலடா இது. அதே பேச்சத்தான் அவன் எங்கிட்டப் பேசுறான். மாசக் கடைசி, அவசரம்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன்."

அந்த ஆள் உண்மையிலேயே தேவாரத்துக்காரரா, எங்கள் பதிவையும் ஊர்ச் செய்திகளையும் படித்துவிட்டுப் பேசியவரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தேவாரத்துக்காரர் ஏமாற்ற மாட்டார் என்று நான் ஏன் நினைத்தேன் என்பதும் தெரியவில்லை.

அன்றே பதிவை எடுத்துவிட்டோம். எடுப்பதற்குள் அது எங்கெல்லாம் போனதோ. அடுத்த நாள் அவள் இருந்த கட்டடத்தின் கீழே ஒருவன் வந்து அழைப்பு மணியை அடித்திருக்கிறான். பேசும் பெட்டியில், "நம்ம ஊருதான், போஸ்ட்டப் பாத்தேன், அறை பாக்க உதவலாம்னு வந்தேன்" என்றானாம். அவள் கதவைத் திறக்கவில்லை. உதவி வேண்டாம், போகலாம் என்று சொல்லிவிட்டு, கல்லூரித் தோழியைக் கூப்பிட்டுத் துணைக்கு வைத்துக்கொண்டாள். அவன் நல்ல மனசோடு வந்தவனாகக்கூட இருக்கலாம்.

"நல்லவனா இருந்தா?" என்றேன் நான்.

"இருந்துட்டுப் போகட்டும் மாமா. அவன் நல்லவனான்னு என் வாசல்ல வச்சா பரிச்ச வைக்கிறது?"

அக்கா அன்று முழுவதும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மச்சான் மகளிடம் பேசும்போது தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒன் இஷ்டப்படி எழுதுத்தா. நாங்க வாயத் தொறக்கல" என்றார்.

அவள் தன் பதிவை மறுபடி எடுத்தாள். கல்லூரி மின்னஞ்சல் இருப்பவர்களை மட்டும் சேர்க்கும் மாணவர் குழு ஒன்று இருந்தது, முதலில் அதில் போட முடிவு செய்தாள். போடுவதற்கு முன் எங்களுக்குப் படித்துக் காட்டினாள். நாங்கள் கேட்கவில்லை, அவளாகவே காட்டினாள்.

"அடுத்த மாதத் தொடக்கத்திலிருந்து, குறைந்தது ஒரு வருஷத்துக்கு, பெண்கள் வீட்டில் பூட்டு உள்ள தனி அறை தேடுகிறேன். கல்லூரிக்கு டிராமில் வந்து போகும் தூரம் போதும். எல்லாச் செலவும் சேர்த்து முந்நூற்றைம்பது முதல் நானூறு வரை. விலாசம் பதிய வசதி வேண்டும். காலையில் வகுப்பு, பதினொரு மணிக்குள் தூங்கிவிடுவேன். சமைப்பேன், மசாலா மணக்கும், அப்போது சமையலறை ஜன்னலைத் திறந்து வைப்பேன். கறி, மீன் சாப்பிடுவேன். வீட்டில் புகை கிடையாது. விருந்தாளிகள் குறைவு, வந்தால் முன்னாடியே சொல்வேன். ஞாயிறு மதியம் வீட்டோடு சத்தமாகப் போன் பேசுவேன், கதவைச் சாத்திக்கொண்டு. குழுவுக்குள் செய்தி அனுப்புங்கள். அறையை நேரில் பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு."

படம் இல்லை, நம்பர் இல்லை, தெரு இல்லை. எப்போது காலி செய்ய வேண்டும் என்ற நெருக்கடியும் இல்லை. ஆனாலும் கேட்டு முடித்ததும், அந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்று எனக்கு ஒரு நல்ல அறிமுகம் கிடைத்த மாதிரி இருந்தது. நாங்கள் போட்ட பதிவில் அவளை எங்கே பிடிக்கலாம் என்பது மட்டும்தான் இருந்தது, அவளோடு எப்படி வாழலாம் என்பது இல்லை.

"சத்தமாப் பேசுறது நாங்கதான?" என்றாள் அக்கா.

"ஆமா. அதையும் சொல்லணும்ல."

பதில்கள் வந்தன, ஆனால் கொட்டவில்லை. சில வீடுகளில் நேரில் வரச் சொன்னார்கள். எப்போதும் பகலில்தான் போவாள், தோழியோடு போவாள், எங்கே போகிறாள் என்பது இன்னொரு தோழியின் போனில் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு போவாள். முதல் வீட்டில் அங்கே இருந்த பெண்கள் வட்டமாக உட்கார்ந்து இவளைக் கேள்வி கேட்டார்களாம். குப்பையை எத்தனை வகையாகப் பிரிப்பாய் என்றும் கேட்டிருக்கிறார்கள். பெண் பார்க்கும் படலமா என்று கேட்டேன். "பஜ்ஜி அவங்க தரல மாமா, அதான் வித்தியாசம்" என்றாள். அந்த வீட்டில் இவளை எடுக்கவில்லை. சமையல் வாசனை ஒத்துவராது என்று மரியாதையாக எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அக்கா, "சொன்னேன்ல, சைவம்னு போட்டிருந்தா" என்று ஆரம்பித்தாள். மச்சான் கையைக் காட்டி நிறுத்தினார்.

மாசக் கடைசி நெருங்கியது. எங்கள் வீட்டில் யாரும் தேதியைச் சொல்வதில்லை, ஆனால் நாள்காட்டி தொங்கும் சுவர்ப் பக்கம் எல்லோரும் அடிக்கடி போய்வந்தோம். நான் கம்பத்துக்கு ஒரு வேலை விஷயமாகப் போனவன், அதைப் பாதியில் விட்டுத் திரும்பி வந்தேன். என்ன ஆனது என்று தெரியாமல் எனக்கு இருக்க முடியவில்லை.

கடைசியில் மூன்று பெண்கள் இருந்த ஒரு வீடு அமைந்தது. அதில் ஒருத்தி கோட்டயத்துக்காரி. பதிவில் மசாலா, மீன் என்று பார்த்ததும் அவள்தான் முதலில் செய்தி அனுப்பியிருக்கிறாள். அவ்வளவு நாள் அந்த வீட்டில் மீன் பொரிப்பதற்குத் தனி ஆளாக ஜன்னலோடு போராடிக்கொண்டிருந்தாளாம். அதற்காக இவள் சும்மா நம்பிவிடவில்லை. கோட்டயம் கம்பத்துக்கு அந்தப் பக்கம்தானே என்று மச்சான் தொடங்கியபோதே, "பக்கம்ங்கிறது ஒரு காரணம் இல்லப்பா" என்று சொல்லிவிட்டாள். போய்ப் பார்த்தாள். அறைக் கதவின் பூட்டைத் திருப்பிப் பார்த்தாள். மற்ற இரண்டு பெண்களிடமும் தனித்தனியாகப் பேசினாள். வீட்டுக்காரரின் பெயர் ஒப்பந்தத்திலும் விலாசப் பதிவுத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தாள். கையெழுத்துப் போட்ட பிறகுதான் முன்பணத்தை வங்கி வழியாக அனுப்பினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் குடிபோன நாள், இடைக்கால அறைக்காரி ரயிலில் வந்துகொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு எங்களைக் கூப்பிட்டாள். அக்கா சமையலறையைக் காட்டச் சொன்னாள். நான் ஜன்னலைக் காட்டச் சொன்னேன். சிறிய ஜன்னல்தான், ஆனால் மேல்பக்கம் மட்டும் உள்ளே சாய்கிற மாதிரியும் திறக்கிறது. அதை இரண்டு முறை செய்து காட்டினாள்.

அந்த வாரம் மச்சானோடு வாழை மண்டிக்குப் போயிருந்தேன். அங்கே ஒருவர், "என்ன, பொண்ணுக்கு வீடு கெடச்சிருச்சா? எந்த ஊரு, எந்தத் தெரு? எங்க சகல மகன் அந்தப் பக்கந்தான் இருக்கான், ஒரு எட்டுப் போயிப் பாக்கச் சொல்றேன்" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னார் என்று முகத்தில் தெரிந்தது.

"கெடச்சிருச்சுண்ணே. ஜெர்மனில" என்றார் மச்சான்.

"அது தெரியும்யா, ஜெர்மனில எங்கன?"

"நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு மச்சான் தார்களைப் பார்க்கப் போனார்.

திரும்பி வரும்போது நான் கேட்டேன். "மச்சான், எனக்காச்சும் அந்த அட்ரஸச் சொல்லலாம்ல?"

"ஒனக்கெதுக்கு? நீ என்ன பார்சலா அனுப்பப் போற?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"அப்ப அவகிட்டக் கேளு. அவ சொன்னாத் தெரிஞ்சுக்க" என்றார். வண்டி உத்தமபாளையம் சாலையில் திரும்பியது. நான் அவளிடம் கேட்டேன். யாருக்கும் அனுப்பக் கூடாது என்ற நிபந்தனையோடு அவள் அனுப்பினாள்.